கீசரின் உருவத்தையும் லேபிளையும் படிப்பது, சரியான லிட்டரைக் கணிப்பது: டெல்டா வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

வாடகை வீட்டுக் குளியலறையில் ஏற்கெனவே ஒரு கீசர் தொங்குகிறது. அது எத்தனை லிட்டர் என்று வீட்டுக்காரருக்கே நினைவில்லை. அல்லது புதிதாக வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். “வீட்டில் எத்தனை பேர்?” என்று கேட்டுவிட்டு, ஐந்து பேர் என்றதுமே 25 லிட்டர் பெட்டியை எடுத்து வைக்கிறார்கள். இந்த இரண்டு நிலையிலும் நானும் நின்றிருக்கிறேன். கும்பகோணத்தில் ஒரு கடை 25 லிட்டர்தான் வேண்டும் என்றது, அடுத்த கடை 10 லிட்டரே போதும் என்றது. காரணத்தை இரு கடையிலும் சொல்லவில்லை. அந்தக் காரணத்தைத் தேடியபோது கிடைத்தவற்றை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

இதில் வரும் கணக்கெல்லாம் வாளியில் தண்ணீர் பிடித்துக் குளிக்கும் வீடுகளுக்கானது. ஷவருக்குக் கணக்கு வேறு, அதையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

1. முதலில் உருவத்தைப் பாருங்கள்

சுவரில் இருப்பது எந்த வகை என்பதில் முக்கால் பங்கு உருவத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரு முழ உயரத்துக்குள், ஒல்லியாக, பிளாஸ்டிக் உடலோடு இருந்தால் அது பெரும்பாலும் இன்ஸ்டன்ட் வகை. உள்ளே 1 லிட்டரோ 3 லிட்டரோதான் நிற்கும், அதிகம் போனால் 5 லிட்டர். இதில் தண்ணீரைச் சேமித்து வைப்பதில்லை, ஓட ஓடச் சூடாக்குகிறது. அதனால்தான் 3,000 வாட் ஹீட்டர் வைக்கிறார்கள்.

குடம் போல உருண்டையாகவோ, நின்ற உருளையாகவோ, சதுரப் பெட்டியாகவோ இருந்தால் அது ஸ்டோரேஜ் வகை. 6, 10, 15, 25 லிட்டர் அளவுகள் வீடுகளில் வழக்கம். ஹீட்டர் பெரும்பாலும் 2,000 வாட். சதுரப் பெட்டியைப் பார்த்து அளவைக் கணிக்காதீர்கள். வெளியே சதுரமாக இருந்தாலும் உள்ளே இருக்கும் தொட்டி பெரும்பாலும் உருளைதான். மூலைகளிலும் சுற்றிலும் இருப்பது சூடு காக்கும் நுரை. நுரையின் தடிமன் மாடலுக்கு மாடல் மாறும். ஒரு நிறுவனத்தின் 10 லிட்டர் பெட்டியும் இன்னொரு நிறுவனத்தின் 15 லிட்டர் பெட்டியும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலத் தெரியலாம்.

படுத்த உருளையாக இருந்தால் ஒரு சோதனை அவசியம். படுக்கை வாட்டத்துக்கென்றே செய்த கீசரில் இரண்டு குழாய்களும் நீள வாட்டத்தின் அடிப்பக்கத்திலிருந்து தரையை நோக்கி இறங்கும். நின்ற வாட்டக் கீசரை இடம் போதாமல் யாராவது படுக்க வைத்திருந்தால், குழாய்கள் உருளையின் தட்டையான ஓரத்திலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். இதை விட்டுவைக்கக் கூடாது. நின்ற கீசரில் வெந்நீர் வெளியேறும் குழாய் தொட்டிக்குள் உச்சி வரை போகிறது. படுக்க வைத்தால் அந்த வாய் உச்சியில் இருக்காது. மேலே காற்று தேங்கும், தொட்டி முழுதாக நிரம்பாது, ஹீட்டர் கம்பி தண்ணீருக்கு வெளியே காய்ந்து கருகவும் கூடும். குடிபோகும் முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

குழாய்கள் மேல்பக்கத்தில் முளைத்திருக்கும் சிறிய பெட்டி, சமையலறைத் தொட்டிக்கு அடியில் வைக்கும் வகை. அதைக் கவிழ்த்துக் குளியலறைச் சுவரில் மாட்ட முடியாது.

2. லேபிளைத் தேடிப் படியுங்கள்

விவரத் தகடு முன்பக்கத்தில் இருப்பது அபூர்வம். குழாய்கள் இறங்கும் அடிப்பக்கத்திலோ சுவரோரப் பக்கவாட்டிலோ ஒட்டியிருப்பார்கள். கழுத்தை வளைக்க வேண்டாம், கைப்பேசியை அடியில் நீட்டி ஒரு படம் எடுத்தால் போதும். அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சர்வீஸுக்குக் கேட்கும் வரிசை எண்ணும் தயாரித்த மாதமும் ஆண்டும் அதில்தான் இருக்கின்றன.

தகட்டில் நான்கு செய்திகளைத் தேடுங்கள். கெப்பாசிட்டி என்பதற்கு எதிரே இருப்பது தொட்டியின் லிட்டர் அளவு. வாட் என்பது ஹீட்டரின் வேகம், 2,000 அல்லது 3,000. எம்.பி.ஏ. அல்லது பார் என்ற அலகில் இருப்பது தொட்டி தாங்கும் அழுத்தம். 0.8 எம்.பி.ஏ. என்றால் 8 பார். ஒற்றை மாடி வீட்டின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் அழுத்தம் அரை பார்கூட இருக்காது, அதற்கு எதுவும் தாங்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருந்தாலோ, பிரஷர் பம்ப் வைத்திருந்தாலோ 8 பார் உள்ளதைப் பாருங்கள்.

நான்காவது ஐ.எஸ்.ஐ. முத்திரை. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். என்று தொடங்கும் தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். ஸ்டோரேஜ் கீசருக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 2082. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் உரிம எண்ணைத் தட்டினால் அது யாருக்கு வழங்கப்பட்டது, இன்னும் நடப்பில் உள்ளதா என்று காட்டும். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம். கேள்விப்படாத பெயரில் விலை மலிவாக ஒன்று கிடைத்தால் கட்டாயம் செய்யுங்கள்.

ஸ்டோரேஜ் கீசரில் நட்சத்திர லேபிள் தனியாக ஒட்டியிருக்கும். அதிலும் லிட்டர் அளவு அச்சிட்டிருக்கும். அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் நட்சத்திர லேபிளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். பெட்டி மாறி வருவது கடைகளில் நடக்கிறது. நட்சத்திரங்கள் தண்ணீர் எவ்வளவு வேகமாகச் சூடாகும் என்பதைச் சொல்வதில்லை. சூடான தண்ணீரைச் சும்மா வைத்திருந்தால் 24 மணி நேரத்தில் எத்தனை யூனிட் வீணாகும் என்பதைத்தான் சொல்கின்றன. காலையில் இரண்டு மணி நேரம் போட்டுவிட்டு அணைக்கும் வீட்டுக்கு, நான்கு நட்சத்திரத்துக்கும் ஐந்து நட்சத்திரத்துக்கும் மின்கட்டணத்தில் பெரிய வேறுபாடு வராது. நாள் முழுவதும் போட்டுவைக்கும் வீட்டுக்குத்தான் ஐந்தாவது நட்சத்திரத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருள் உண்டு.

3. லேபிள் அழிந்திருந்தால் கடிகாரத்தால் அளக்கலாம்

குளியலறை ஈரத்தில் பழைய லேபிள்கள் வெளுத்து உரிந்துவிடுகின்றன. அப்போதும் லிட்டரைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரு கடிகாரமும் 100 டிகிரி வரை காட்டும் சமையலறை வெப்பமானியும் போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி ஆகாது, உடைந்துவிடும்.

இரவு முழுவதும் கீசரை அணைத்து வையுங்கள். காலையில் வெந்நீர்க் குழாயைத் திறந்து, பச்சைத் தண்ணீர் வரும் வரை ஓட விட்டு அதன் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழாயை மூடிவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். சூடாகும்போது எரியும் விளக்கு தானாக அணையும் வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். சில மாடல்களில் ஒரு விளக்கு மின்சாரம் இருக்கும் வரை எரிந்துகொண்டே இருக்கும், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். விளக்கே வேலை செய்யவில்லையென்றால், வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மின்மீட்டருக்கு முன்னால் நில்லுங்கள். மீட்டரில் படபடவென்று சிமிட்டும் சிவப்புப் புள்ளி சட்டென்று ஓய்ந்தால் கீசர் நின்றுவிட்டது என்று பொருள். பிறகு வெந்நீரைத் திறந்து, குழாயில் நின்ற தண்ணீரை விட்டுவிட்டு, நன்றாகச் சூடாக வரும் தண்ணீரின் வெப்பத்தை அளந்துகொள்ளுங்கள். கை படாமல் ஒரு குவளையில் பிடித்து அளக்க வேண்டும்.

கணக்கு இதுதான்: நிமிடத்தைக் கிலோவாட்டால் பெருக்கி, அதை 14.3-ஆல் பெருக்கி, வெப்பம் எத்தனை டிகிரி ஏறியதோ அதனால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும்.

மயிலாடுதுறையில் நாங்கள் முன்பு வாடகைக்குப் போன வீட்டில் நின்ற உருளைக் கீசர் இருந்தது. “பதினைந்து லிட்டர்தான் அம்மா” என்று வீட்டுக்காரர் சொன்னார். தகட்டில் வாட் மட்டும் மங்கலாகத் தெரிந்தது, 2,000. தண்ணீர் 25 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்கு ஏற 31 நிமிடம் ஆயிற்று. 31-ஐ 2-ஆல் பெருக்கினால் 62. அதை 14.3-ஆல் பெருக்கினால் 887. ஏறிய 35 டிகிரியால் வகுத்தால் 25. ஆக அது 25 லிட்டர் கீசர். 15 லிட்டராக இருந்திருந்தால் 18 நிமிடத்தில் அணைந்திருக்கும். விளக்கு இரண்டு மூன்று நிமிடத்திலேயே அணைந்தால் அது 3 லிட்டர் இன்ஸ்டன்ட்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 2,000 வாட் என்பது 230 வோல்ட்டுக்கான எண். மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே ஹீட்டர் சுமார் 1,500 வாட்தான் தரும். டிரான்ஸ்பார்மருக்குத் தொலைவில், கடைசிக் கம்பத்தில் இருக்கும் வீடுகளில் வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் இப்படி இறங்குவது உண்டு. அந்த நேரத்தில் அளந்தால் 15 லிட்டர் கீசர் 20 லிட்டர் போலத் தெரியும். விளக்குகள் மங்காத நேரமாகப் பார்த்து அளவெடுங்கள்.

4. ஆட்களை எண்ணாதீர்கள், வாளிகளை எண்ணுங்கள்

கடைக்காரர்களின் ‘இத்தனை பேருக்கு இத்தனை லிட்டர்’ கணக்கு குளிர்ப் பிரதேசத்துக்கும் பொருந்த வேண்டும், ஷவருக்கும் பொருந்த வேண்டும் என்று போட்டது. நம் ஊரில் மார்கழியிலும் தண்ணீர் அப்படிச் சில்லிட்டுப் போவதில்லை. கணக்குக்கு 25 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். அதிகாலையில் மோட்டார் போட்டு ஏற்றிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இதைவிடவும் வெதுவெதுப்பாக இருக்கும்.

உங்கள் வாளியை முதலில் அளந்துகொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் ஊற்றிப் பார்த்தால் போதும். விளிம்பு வரை யாரும் நிரப்புவதில்லை என்பதால் பெரும்பாலான குளியல் வாளிகளில் நாம் பிடிப்பது 18 லிட்டர் அளவில்தான் நிற்கும். குளிக்க இதமான வெப்பம் 40 டிகிரி. 25 டிகிரிப் பச்சைத் தண்ணீரையும் 60 டிகிரி வெந்நீரையும் கலந்து 18 லிட்டரை 40 டிகிரிக்குக் கொண்டுவர, வெந்நீர் 8 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே தேவை. மீதிப் பத்து லிட்டர் பச்சைத் தண்ணீர்தான்.

இப்போது கீசரின் பக்கம் வாருங்கள். வெந்நீரைத் திறந்ததும் அடியில் பச்சைத் தண்ணீர் புகுந்து, மேலே இருக்கும் சூடான தண்ணீரைத் தள்ளுகிறது. கடைசிப் பகுதியில் இரண்டும் கலந்துவிடும். ஆகவே கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்குதான் நல்ல சூட்டில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 10 லிட்டர் கீசரில் 8 லிட்டர், அதாவது ஒரு வாளி. 15 லிட்டரில் 12 லிட்டர், ஒன்றரை வாளி. 25 லிட்டரில் 20 லிட்டர், இரண்டரை வாளி.

அடுத்த எண்தான் கடையில் யாரும் சொல்லாதது. ஒரு வாளிக்கு எடுத்த 8 லிட்டரை 2,000 வாட் ஹீட்டர் மறுபடி சூடாக்கப் பத்து நிமிடம் போதும். ஒருவர் வாளி பிடித்து, குளித்து, துவட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் அடுத்தவருக்குத் தண்ணீர் தயார். ஒரே குளியலறையில் ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கும் வீட்டில் நான்கு பேரோ ஏழு பேரோ, 15 லிட்டரே போதும்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி, நாங்கள் இருவர், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். ஆறு மணிக்குப் பாட்டி முதல் வாளி. ஆறே கால் தொடங்கிப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவர். பிறகு நாங்கள். இந்த ஐந்து வாளிக்கு 15 லிட்டர் கீசர் ஒருநாளும் குறை வைக்கவில்லை. ஐந்து வாளிக்கும் சேர்த்துச் சூடாக்கச் செலவாகும் மின்சாரம் ஒன்றரை யூனிட் அளவு, அதோடு கீசரின் உடல் வழியாக வீணாகும் சிறிது. நெருக்கடி வந்தது தீபாவளி அதிகாலையில்தான். எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிக்க ஆளுக்கு இரண்டு வாளி வேண்டும், எல்லோருக்கும் அவசரம். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே இருபது நிமிடம் விட்டுச் சமாளித்தோம். ஆண்டில் சில நாட்களுக்காகப் பெரிய கீசர் வாங்குவது தேவையில்லை என்பதே என் கருத்து.

25 லிட்டர் வேண்டிய வீடுகளும் உண்டு. ஒரு கீசரிலிருந்து இரண்டு குளியலறைக்குக் குழாய் போயிருந்தால் வேண்டும். ஷவர் இருந்தால் வேண்டும். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் ஆறு நிமிடம் நின்றால் 48 லிட்டர், அதில் வெந்நீர் மட்டும் 20 லிட்டருக்கு மேல். அது ஏறக்குறைய முழு 25 லிட்டர் கீசர். மூட்டுவலிக்கு வெந்நீர் ஊற்றிக்கொள்ளும் பெரியவர்கள், பிரசவித்த பெண்கள், கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும் 25 நல்லது. தனியாகவோ இருவராகவோ இருப்பவர்களுக்கு 10 லிட்டர் போதும்.

3 லிட்டர் இன்ஸ்டன்ட் வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 3,000 வாட்டால் 25 டிகிரித் தண்ணீரை நிமிடத்துக்குச் சுமார் 3 லிட்டர்தான் 40 டிகிரிக்குக் கொண்டுவர முடியும். 18 லிட்டர் வாளி நிறைய ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும், மின்னழுத்தம் குறைந்தால் எட்டு. குழாயை முழுதாகத் திறந்தால் வெதுவெதுப்பாகத்தான் வரும், பழுது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். மின்சாரம் போனால் அந்த நொடியே வெந்நீரும் போய்விடும். ஸ்டோரேஜில் சூடாகி நின்ற தண்ணீராவது கையில் இருக்கும்.

5. தண்ணீரின் உப்பு

அளவைத் தீர்மானித்த பிறகு தொட்டி எதனால் ஆனது என்று பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம், காரைக்கால் போன்ற கடலோரத்தில் நிலத்தடி நீரில் கடல் உப்பு கலந்த இடங்கள் நிறைய. உப்பு நீர் எஃகுத் தொட்டியைப் பற்றவைத்த இடங்களில் அரிக்கும். அங்கே உட்புறம் கண்ணாடிப் பூச்சுள்ள தொட்டியும் அதனுள் மெக்னீசியக் கம்பியும் உள்ள மாடலே ஏற்றது. தொட்டிக்குப் பதிலாக அந்தக் கம்பி கரைந்துபோகும். கரைந்து தீர்ந்த பின் தொட்டி அரிக்கத் தொடங்கும் என்பதால், உப்பு மிகுந்த இடங்களில் ஆண்டுக்கொரு முறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கீசர் சூடாகும்போது புதிதாக இரைச்சல் கேட்டு, விளக்கு அணைய முன்பைவிட நேரம் பிடித்தால் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. 3-ஆம் படியில் எடுத்த நிமிடக் கணக்கை எழுதி வைத்திருந்தால் இதை எளிதில் கண்டுபிடிக்கலாம்.

6. செலவு, காகிதங்கள், மாட்டும் நாள்

விலை நிறுவனத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். தோராயமாக 3 லிட்டர் இன்ஸ்டன்ட் 3,000 ரூபாயிலிருந்தும், 15 லிட்டர் 6,000 ரூபாயிலிருந்தும், 25 லிட்டர் அதைவிட ஓரிரு ஆயிரம் கூடுதலாகவும் தொடங்கும். மாட்டும் கூலியும் இரண்டு இணைப்புக் குழாய்களும் பெரும்பாலும் விலையில் சேராது. ‘இலவச இன்ஸ்டலேஷன்’ என்றால் எதெல்லாம் அதில் அடங்கும் என்று பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆள் கிடைப்பது சிரமம். புரட்டாசியிலேயே வாங்கி மாட்டிவிட்டால் அலைச்சல் மிச்சம்.

பில்லில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் எழுதச் சொல்லுங்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும். தொட்டிக்கு ஒரு காலம், ஹீட்டர் கம்பிக்கு ஒரு காலம், மற்றவற்றுக்கு ஒரு காலம் என்று தனித்தனியாக இருக்கும். நிறுவனத்தின் ஆளே மாட்ட வேண்டும் என்றோ, கடின நீருக்குப் பொறுப்பில்லை என்றோ சிறிய எழுத்தில் நிபந்தனை இருக்கலாம், படித்துவிடுங்கள். வாடகை வீடு என்றால் சுவரில் துளை போடவும் காலி செய்யும்போது கீசரைக் கழற்றிக்கொண்டு போகவும் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

2,000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 3,000 வாட் 13 ஆம்பியர். இரண்டுக்கும் 16 ஆம்பியர் பவர் பிளக்கும் தனி வயரும் நல்ல எர்த்தும் தேவை. குளியலறை விளக்குக்குப் போன மெல்லிய வயரிலிருந்து இணைப்பு எடுக்க யார் சொன்னாலும் விடாதீர்கள். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அதே எலக்ட்ரீஷியனிடம் அதையும் பொருத்தச் சொல்லுங்கள்.

பழைய சுண்ணாம்புக் காரைச் சுவருள்ள வீடுகளில் மாட்டும் இடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 25 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டும் 25 கிலோ, உடலும் சேர்ந்தால் 35 கிலோவை நெருங்கும். துளை போடும்போது சிவப்புச் செங்கல் பொடி வர வேண்டும். வெள்ளைக் காரைப் பொடி மட்டும் கொட்டினால் ஆணி செங்கலுக்கு இடைப்பட்ட காரையில் இறங்குகிறது, இடத்தை மாற்றச் சொல்லுங்கள்.

மாட்டி முடித்ததும் ஸ்விட்சைத் தொடாமல் வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். முதலில் காற்று சீறும், பிறகு விட்டுவிட்டுத் தெறிக்கும், கடைசியில் ஒரே சீராகத் தண்ணீர் விழும். அதன் பிறகுதான் மின்சாரம். குளிர்நீர்ப் பக்கத்தில், நீல வளையத்துக்குக் கீழே, பாதுகாப்பு வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் முறை சூடாகும்போது அதன் சிறு துளையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரலாம். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போது 200 மில்லிக்குச் சற்று மேல் விரிகிறது, அது வெளியேற வழி அதுதான். ஒழுகுகிறது என்று எண்ணி அந்தத் துளையை அடைக்கக் கூடாது. ஒரு மெல்லிய குழாயைச் செருகித் தண்ணீர் போகும் மடைக்கு விட்டுவிடுங்கள். கீசர் அணைந்து ஆறிய பிறகும் சொட்டு நிற்கவில்லை என்றால் மட்டும் சர்வீஸுக்குச் சொல்லுங்கள்.